சத்யம் சரிந்த நாளும் பிரித்துப் போட்ட பணமும்

2009 ஜனவரி 7, புதன்கிழமை. ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் நிறுவனத்தின் தலைவர் பி. ராமலிங்க ராஜு தன் இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதம் பங்குச் சந்தைகளுக்கு வந்து சேர்ந்தது. கணக்குப் புத்தகத்தில் ரொக்கமாகவும் வங்கி இருப்பாகவும் காட்டியிருந்த 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லவே இல்லை என்று அதில் அவரே ஒப்புக்கொண்டிருந்தார். முதல் நாள் சுமார் 179 ரூபாயில் முடிந்திருந்த சத்யம் பங்கு, அன்று மாலை சந்தை மூடும்போது 40 ரூபாய்க்குச் சற்றுக் கீழே நின்றது. ஒரே நாளில் நூற்றுக்கு 78 ரூபாய் காணாமல் போனது.

அந்தப் பங்கை வைத்திருந்தவர்கள் யாரோ சொன்ன வதந்தியை நம்பி ஊர்பேர் தெரியாத கம்பெனியில் பணம் போட்டவர்கள் அல்ல. சத்யம் அன்று நாட்டின் நான்காவது பெரிய மென்பொருள் ஏற்றுமதி நிறுவனம். அதன் பங்கு சென்செக்ஸிலும் இருந்தது, நிஃப்டியிலும் இருந்தது, நியூயார்க் சந்தையிலும் பட்டியலிடப்பட்டிருந்தது. உலகின் நான்கு பெரிய தணிக்கை நிறுவனங்களில் ஒன்றின் இந்தியக் கிளை அதன் கணக்கைத் தணிக்கை செய்தது. கடிதம் வெளியாவதற்குச் சில மாதங்கள் முன்புதான் சிறந்த நிர்வாக நெறிக்கான விருது ஒன்றும் அதற்குக் கிடைத்திருந்தது. ஆண்டறிக்கையை வரி விடாமல் படித்தவருக்கும் இந்த மோசடி தெரிந்திருக்க வழியில்லை, ஏனென்றால் பொய்யே அந்த அறிக்கைக்குள்தான் இருந்தது.

இந்த வகை ஆபத்தைப் படிப்பாலோ எச்சரிக்கையாலோ முழுதாகத் தடுக்க முடியாது. ஆனால் பணத்தைப் பிரித்துப் போடுவதால் அதை ஏறக்குறைய முழுதாகத் தடுக்க முடியும். டைவர்சிஃபிகேஷன் என்று முதலீட்டு உலகம் சொல்வது இதைத்தான். அது எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்ற இரண்டையும் அதே ஜனவரி 7 ஒன்றாகக் காட்டிவிட்டது.

ஒரே நாள், இரண்டு நஷ்டம்

இரண்டு பேரை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இருவரிடமும் 3 லட்சம் ரூபாய் இருக்கிறது. முதலாமவர் மொத்தத்தையும் சத்யத்தில் போட்டிருக்கிறார். இரண்டாமவர் சத்யம் உட்பட 30 பெரிய நிறுவனங்களில் ஆளுக்குப் பத்தாயிரமாகப் பிரித்துப் போட்டிருக்கிறார்.

அன்று மாலை முதலாமவர் கையில் எஞ்சியது ஏறக்குறைய 67,000 ரூபாய். இரண்டாமவருக்குச் சத்யத்தால் போனது 7,800 ரூபாய், அதாவது அவருடைய மொத்தப் பணத்தில் 2.6 சதவீதம். வருத்தம் தரும் தொகைதான். ஆனால் மகளின் கல்லூரிக் கட்டணமோ வீட்டுக்கடன் தவணையோ அதனால் நின்றுபோகாது.

கதை அத்துடன் முடியவில்லை. அன்றைய தினம் சென்செக்ஸும் 749 புள்ளிகள், 7.25 சதவீதம், இறங்கியது. இவ்வளவு பெரிய நிறுவனத்தின் கணக்கே பொய் என்றால் மற்றவற்றின் கணக்கை எப்படி நம்புவது என்ற பயம் எல்லாப் பங்குகளையும் விற்க வைத்தது. இரண்டாமவரின் மொத்த நஷ்டமும் சென்செக்ஸ் அளவிலேயே இருந்ததாக வைத்துக்கொண்டால், அவர் சுமார் 21,750 ரூபாய் இழந்திருப்பார். அதில் 7,800 சத்யத்தின் பங்கு. மீதி ஏறத்தாழ 14,000 ரூபாய், எந்தத் தப்பும் செய்யாத மற்ற 29 நிறுவனங்களின் விலை இறங்கியதால் போனது.

முதல் வகை நஷ்டத்துக்குக் காரணம் ஒரு நிறுவனத்துக்குள் நடந்த ஒன்று. மோசடி, தலைவரின் தவறான முடிவு, தொழிற்சாலையில் தீ, காலாவதியாகிப் போன தயாரிப்பு எல்லாம் இதில் அடங்கும். ஒரு நிறுவனத்துக்கு இது நேர்ந்தால் இன்னொன்றுக்கும் நேர வேண்டும் என்பதில்லை. இரண்டாவது வகை, எல்லா நிறுவனங்களையும் ஒரே நேரத்தில் தொடுகிறது. வட்டி உயர்வு, போர், கொள்ளை நோய், வெளிநாட்டு முதலீட்டாளர்கள் கூட்டமாக வெளியேறுவது, பொதுவான பயம் ஆகியவை இதில் வரும். பணத்தைப் பல பங்குகளில் பிரித்தால் முதல் வகை தேய்ந்து தேய்ந்து கிட்டத்தட்ட மறைந்துவிடும். இரண்டாவது வகை அப்படியே நிற்கும்.

மார்க்கோவிட்ஸ் போட்ட கணக்கு

பணத்தைப் பிரித்து வைப்பது பழைய பழக்கம். ஆனால் அது ஏன் வேலை செய்கிறது, எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்கில் காட்டியவர் ஹாரி மார்க்கோவிட்ஸ். சிகாகோ பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது அவர் செய்த ஆய்வு 1952இல் ஒரு நிதியியல் ஆய்விதழில் கட்டுரையாக வந்தது. அதற்கு 1990இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. 2023இல் அவர் காலமானார்.

அவருக்கு முன்பு ஆய்வாளர்கள் ஒவ்வொரு பங்காக எடுத்து, இது நல்லதா, கெட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பங்கைத் தனியாகப் பார்த்தால் போதாது, ஏற்கெனவே கையில் உள்ள பங்குகளோடு அது எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் முக்கியம் என்றார் மார்க்கோவிட்ஸ். இரண்டு பங்குகள் எப்போதும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கினால் அவற்றை இரண்டாக வைத்திருப்பதில் பயன் குறைவு. ஒன்று இறங்கும்போது இன்னொன்று நிலையாக நின்றாலோ ஏறினாலோ, மொத்தத் தொகை குறைவாக ஆடும்.

எண்ணில் பார்த்தால் இது தெளிவாகும். ஒரு பங்கின் ஓர் ஆண்டு ஏற்ற இறக்க அளவு 40 சதவீதம் என்று கொள்வோம். அதாவது வழக்கமான ஆண்டில் அது தன் சராசரியிலிருந்து மேலேயோ கீழேயோ அந்த அளவுக்கு விலகக்கூடும். எல்லாப் பங்குகளுக்கும் இதே அளவுதான், ஒன்றின் போக்கும் மற்றொன்றின் போக்கும் ஓரளவு மட்டுமே ஒத்துப்போகின்றன என்றும் கொள்வோம். முழுதாக ஒத்துப்போனால் 1, சம்பந்தமே இல்லாவிட்டால் 0 என்று அளக்கும் கணக்கில் இந்த ஒற்றுமை 0.3. பணத்தை இரண்டு பங்குகளில் சமமாகப் போட்டால் மொத்தத்தின் ஏற்ற இறக்கம் 40இலிருந்து 32 ஆகக் குறையும். ஐந்து பங்குகளில் போட்டால் 26 அல்லது 27. பத்தில் போட்டால் 24. இருபதில் 23. ஐம்பதில் 22 சொச்சம். ஆயிரம் பங்குகளில் போட்டாலும் கிட்டத்தட்ட 22தான்.

இந்த வரிசையில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. குறைகிற ரிஸ்கில் பெரும்பகுதி முதல் பத்துப் பங்குகளிலேயே குறைந்துவிடுகிறது. பதினோராவது பங்குக்குப் பிறகு கிடைக்கும் பயன் சிறிது சிறிதாகத்தான் வருகிறது. அதைவிட முக்கியம், எத்தனை பங்கு சேர்த்தாலும் 22க்குக் கீழே போக முடியவில்லை. பங்குகள் ஒன்றுக்கொன்று கொஞ்சமாவது ஒத்துப்போவதால் வருகிற தரை அது. ஒற்றுமை அளவு 0 ஆக இருந்திருந்தால் பத்துப் பங்குகளில் ஏற்ற இறக்கம் 13க்கும், நூறு பங்குகளில் 4க்கும் இறங்கியிருக்கும். ஆனால் ஒரே நாட்டில், ஒரே வட்டி விகிதத்தில், ஒரே அரசின் வரிக் கொள்கையின் கீழ் தொழில் செய்யும் நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருக்க முடியாது. ஒரே ஏரியின் பாசனத்தில் பத்து வயல் வைத்திருப்பவரின் நிலைதான் இது. ஒரு வயலில் பூச்சி விழுந்தால் மற்ற ஒன்பது வயல்கள் காப்பாற்றும், ஏரி வற்றினால் பத்தும் காயும்.

பிரித்துப் போடுவதால் வருமானமும் குறையுமே என்று பலரும் நினைக்கிறார்கள். பத்துப் பங்குகளும் சராசரியாக ஆண்டுக்கு 12 சதவீதம் தரக்கூடியவை என்றால், பத்தையும் சேர்த்து வைத்திருப்பவர் எதிர்பார்க்கும் வருமானமும் அதே 12 சதவீதம்தான். ஏற்ற இறக்கம் மட்டும் 40இலிருந்து 24 ஆகிறது. விட்டுக்கொடுப்பது வேறொன்று. பத்தில் ஒன்று பத்து மடங்கு ஏறினால், அதில் மட்டும் பணம் போட்டவர் கோடீஸ்வரர் ஆவார், பிரித்துப் போட்டவர் ஆகமாட்டார். எந்தப் பங்கு ஏறும் என்று முன்கூட்டியே தெரிந்தவருக்கு டைவர்சிஃபிகேஷன் வீண். அது தெரியாத மற்ற எல்லோருக்கும், அந்தப் பெரிய லாபத்தின் வாய்ப்பைக் கொடுத்து, சத்யம் போன்ற பெரிய அழிவின் வாய்ப்பைத் தவிர்க்கும் பேரம் இது.

தரைக்குக் கீழே போக என்ன வழி

22 சதவீதத் தரையை இன்னும் பங்குகளைச் சேர்த்துக் குறைக்க முடியாது. வேறு காரணங்களால் ஏறி இறங்குகிற சொத்துகளைச் சேர்த்தால்தான் குறையும். அதற்கு 2008ஆம் ஆண்டு நல்ல பாடம்.

2008 ஜனவரி 8 அன்று சென்செக்ஸ் 20,873இல் முடிந்தது. அமெரிக்க வீட்டுக்கடன் நெருக்கடி உலக நெருக்கடியாக விரிந்தது. 2009 மார்ச் 9 அன்று சென்செக்ஸ் 8,160இல் நின்றது. பதினான்கு மாதங்களில் 61 சதவீத வீழ்ச்சி. முப்பது நிறுவனங்களிலும் பிரித்துப் போட்டவருக்கு நேர்ந்த கதி இது. உச்சத்தில் 10 லட்சம் ரூபாய் வைத்திருந்தால், அது 3 லட்சத்து 90 ஆயிரமாகியிருக்கும். அந்த இறக்கத்தில் சத்யம் போன்ற ஒரு நிறுவனத்தின் மோசடிக்குப் பெரிய பங்கில்லை. வற்றியது ஏரி.

அதே காலத்தில் தங்கம் வேறு திசையில் போனது. பத்து கிராம் சுமார் 11,000 ரூபாயாக இருந்தது 15,000 ரூபாய் அளவுக்கு வந்தது. இதற்கு இரண்டு காரணங்கள் சேர்ந்தன. நெருக்கடிக் காலத்தில் உலகெங்கும் தங்கத்துக்குத் தேவை கூடியது. அதோடு வெளிநாட்டு முதலீட்டாளர்கள் இந்தியப் பங்குகளை விற்று டாலராக எடுத்துச் சென்றதால் ரூபாயின் மதிப்பு விழுந்தது. டாலர் 39 ரூபாய் அளவிலிருந்து 51 ரூபாய்க்கு மேல் போனது. தங்கம் டாலரில் விலை பேசப்படுவதால், ரூபாய் சரியும்போது இங்கே தங்கத்தின் விலை ஏறும். பங்குகளைக் கீழே தள்ளிய அதே பணப் போக்கு தங்கத்தை மேலே தூக்கியது. இந்தியக் குடும்பத்துக்குத் தங்கம் ஓரளவு ஈடுகட்டுவதன் பின்னே இருக்கும் காரணம் இதுதான்.

இப்போது அதே 10 லட்சத்தை 5 லட்சம் பங்குகளிலும், 3 லட்சம் வங்கி டெபாசிட்டிலும், 2 லட்சம் தங்கத்திலும் பிரித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பங்குகளில் 1 லட்சத்து 95 ஆயிரம் எஞ்சும். அன்றைய வட்டியில் டெபாசிட் 3 லட்சத்து 30 ஆயிரம் அளவுக்கு வளர்ந்திருக்கும். தங்கம் 2 லட்சத்து 70 ஆயிரத்தை ஒட்டி நிற்கும். மொத்தம் ஏறக்குறைய 7 லட்சத்து 95 ஆயிரம். வீழ்ச்சி 61 சதவீதத்துக்குப் பதில் சுமார் 20 சதவீதம்.

20 சதவீதம் என்பது சிறிய நஷ்டமல்ல. 2 லட்சம் ரூபாய் குறைந்திருக்கிறது. பிரித்துப் போட்டும் நஷ்டம் வந்ததே என்று அந்தக் குடும்பம் கேட்டால், நியாயமான பதில் இதுதான்: வரத்தான் செய்யும். நஷ்டத்தின் அளவும், அது எவ்வளவு ஆழத்துக்குப் போகும் என்பதும் மட்டுமே மாறியது. 3 லட்சத்து 90 ஆயிரத்தைப் பார்த்துப் பயந்து அடிமட்டத்தில் விற்றுவிடுகிறவர்கள் பலர். 8 லட்சத்தைப் பார்த்துப் பொறுத்திருக்க முடிகிறவர்களின் எண்ணிக்கை அதைவிடக் கூடுதல்.

எல்லாம் சேர்ந்து விழுகிற வாரங்கள்

சொத்துகளுக்கு இடையிலான ஒற்றுமை அளவு நிரந்தரமானதல்ல. சாதாரண நாட்களில் 0.3 ஆக இருப்பது, நெருக்கடி நாட்களில் 1ஐ நோக்கி ஓடும். தேவைப்படுகிற நேரத்தில்தான் டைவர்சிஃபிகேஷன் கைகொடுக்க மறுக்கிறது என்று முதலீட்டாளர்கள் குறைபடுவதன் காரணம் இதுவே.

2020 மார்ச்சில் இது நடந்தது. ஊரடங்கு அச்சத்தில் மார்ச் 23 அன்று ஒரே நாளில் சென்செக்ஸ் 13 சதவீதம் விழுந்து 25,981க்கு வந்தது. வங்கி, வாகனம், மருந்து என்ற பாகுபாடு அன்று பெரிதாக எடுபடவில்லை. அதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் உலகச் சந்தையில் தங்கமும் ஒரு அவுன்ஸ் 1,680 டாலர் அளவிலிருந்து 1,470 டாலர் அளவுக்கு இறங்கியிருந்தது. தங்கத்தின் மேல் நம்பிக்கை போய்விட்டதால் யாரும் விற்கவில்லை. பங்குகளில் கடன் வாங்கி முதலீடு செய்தவர்களும், பணத்தைத் திருப்பிக் கேட்கும் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்க வேண்டியிருந்த ஃபண்டுகளும் கையில் எது விலைபோனதோ அதை விற்றார்கள். தங்கம் உடனே விலைபோகும் பொருள் என்பதாலேயே விற்கப்பட்டது. பின்னர் ஆகஸ்டில் அது 2,000 டாலரைத் தாண்டியது. ஆனால் மார்ச் மூன்றாவது வாரத்தில் மருத்துவமனைக்கோ சம்பளத்துக்கோ பணம் தேவைப்பட்டவருக்கு அந்த ஆகஸ்டால் பயனில்லை. அந்த வாரம் இறங்காமல் நின்றது டெபாசிட்டும் சேமிப்புக் கணக்கும்தான்.

காலத்தின் நீளமும் ஒரு ரிஸ்க். இந்தியாவில் 2008இன் உச்சத்தை சென்செக்ஸ் 2010 நவம்பரிலேயே மீட்டுவிட்டது. அதைப் பார்த்துப் பழகியவர்கள், பொறுத்திருந்தால் சந்தை எப்படியும் திரும்பும் என்கிறார்கள். ஜப்பானில் 225 நிறுவனங்களை உள்ளடக்கிய நிக்கேய் குறியீடு 1989 டிசம்பர் 29 அன்று 38,915இல் முடிந்தது. டிவிடெண்டைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், அந்த அளவை அது மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரி 22 அன்றுதான். இடையில் 34 ஆண்டுகள். சோனி, டொயோட்டா போன்ற நிறுவனங்களைக் கொண்ட நாட்டில், 225 நிறுவனங்களில் பிரித்துப் போட்டும் இந்த நிலை. ஒரே நாட்டின் எல்லைக்குள் எவ்வளவு பிரித்தாலும் அந்த நாட்டின் ரிஸ்க் மீதி இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பெயர் பல, ரிஸ்க் ஒன்று

பிரித்துப் போட்டிருப்பதாக நம்பிக்கொண்டு உண்மையில் பிரிக்காமல் இருப்பது மிகவும் பரவலான தவறு. அதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல.

2020 ஏப்ரல் 23 அன்று ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனம் இந்தியாவில் தன் ஆறு கடன் ஃபண்டுகளை ஒரே நேரத்தில் மூடியது. அவற்றில் 25,000 கோடி ரூபாய்க்கு மேல் முதலீட்டாளர் பணம் இருந்தது. லோ டியூரேஷன், அல்ட்ரா ஷார்ட் பாண்ட், ஷார்ட் டேர்ம் இன்கம், கிரெடிட் ரிஸ்க், டைனமிக் அக்ரூவல், இன்கம் ஆப்பர்ச்சுனிட்டீஸ் என்று ஆறுக்கும் ஆறு பெயர். இவற்றில் இரண்டு, மூன்றில் பணத்தைப் பிரித்துப் போட்டவர்களும் இருந்தார்கள். ஆறும் அதிக வட்டிக்காகக் குறைந்த தரமதிப்பீடு பெற்ற நிறுவனங்களின் கடன் பத்திரங்களை நிறைய வாங்கியிருந்தன. கொரோனா காலத்தில் அத்தகைய பத்திரங்களை வாங்க ஆளில்லாமல் போனபோது ஆறும் ஒரே நாளில் உறைந்தன. பெயர் வேறாக இருந்தும் ஒரே மாதிரியான உத்தியில் பல திட்டங்களை நடத்தியதை செபி 2021இல் பிறப்பித்த உத்தரவு சுட்டிக்காட்டியது. நிறுவனம் அதை எதிர்த்து மேல்முறையீடு செய்தது. அடுத்த சில ஆண்டுகளில் பத்திரங்கள் கொஞ்சம் கொஞ்சமாக விற்கப்பட்டு முதலீட்டாளர்களுக்குப் பணம் திரும்பக் கிடைத்தது. ஆனால் அவசரத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று நம்பி அதில் போட்டவர்களுக்கு, அவசரம் வந்த மாதங்களில் அது கிடைக்கவில்லை.

பங்கு ஃபண்டுகளிலும் இதே நிலைதான். லார்ஜ் கேப் ஃபண்ட் என்றால் குறைந்தது 80 சதவீதப் பணத்தைச் சந்தை மதிப்பில் முதல் 100 இடங்களில் உள்ள நிறுவனங்களில் போட வேண்டும் என்பது செபியின் விதி. அதனால் எந்த நிறுவனத்தின் லார்ஜ் கேப் ஃபண்டை எடுத்தாலும் அதே பெரிய வங்கிகளும், அதே ஐ.டி. நிறுவனங்களும், அதே ரிலையன்ஸும் மேலே நிற்கும். மூன்று லார்ஜ் கேப் ஃபண்டுகளில் லட்சம் லட்சமாகப் போட்டவரிடம், ஒரே வங்கியின் பங்கு முறையே 8, 9, 10 சதவீதம் இருக்கிறது என்று வையுங்கள். அவருடைய 3 லட்சத்தில் 27,000 ரூபாய், அதாவது 9 சதவீதம், அந்த ஒரு வங்கியில் இருக்கிறது. ஒரே ஃபண்டில் 3 லட்சத்தையும் போட்டிருந்தாலும் ஏறக்குறைய இதே நிலைதான். கூடியது ஸ்டேட்மென்டுகளின் எண்ணிக்கை மட்டும்.

இதைச் சரிபார்க்க ஒரு மாலை போதும். ஃபண்டுகள் தம் முதலீட்டுப் பட்டியலை மாதந்தோறும் வெளியிடுகின்றன. கையில் உள்ள ஒவ்வொரு ஃபண்டின் பட்டியலிலும் முதல் பத்துப் பெயர்களை ஒரு தாளில் அருகருகே எழுதினால், எத்தனை பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று தெரிந்துவிடும். பத்தில் ஏழு எட்டு ஒன்றாக இருந்தால், அங்கே பிரிவு நடக்கவில்லை. கடன் ஃபண்டு என்றால் பெயர்களோடு தரமதிப்பீட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வங்கி டெபாசிட்டிலும் இப்படி ஒரு பொய்ப் பிரிவு உண்டு. வங்கி மூழ்கினால் டெபாசிட் காப்பீட்டுக் கழகம் ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை தரும். 2020 பிப்ரவரியில்தான் இந்த வரம்பு 1 லட்சத்திலிருந்து உயர்ந்தது. ஒரே வங்கியின் மதுரைக் கிளையில் 4 லட்சமும், திருநெல்வேலிக் கிளையில் 4 லட்சமும் வைத்திருப்பவர் தன் பணம் இரண்டு இடத்தில் இருப்பதாக நினைக்கலாம். காப்பீட்டுக் கணக்கில் அது ஒரே வங்கியில் உள்ள 8 லட்சம். வரம்பு 5 லட்சம்தான். அந்த இரண்டாவது 4 லட்சத்தை வேறொரு வங்கியில் போட்டால் முழுத் தொகையும் வரம்புக்குள் வந்துவிடும்.

பலரும் கணக்கில் சேர்க்காத இன்னொரு சொத்து, வேலை. அமெரிக்காவின் எரிசக்தி நிறுவனமான என்ரான் 2001 டிசம்பரில் திவாலாவதற்கு முன்பு, அதன் ஊழியர்களின் ஓய்வூதியச் சேமிப்பில் சுமார் 60 சதவீதம் என்ரான் பங்குகளிலேயே இருந்தது. முந்தைய ஆண்டு 90 டாலரைத் தொட்டிருந்த பங்கு ஒரு டாலருக்குக் கீழே வந்தது. சம்பளமும் போனது, ஓய்வுக்கால சேமிப்பும் போனது. தான் வேலை பார்க்கும் நிறுவனத்தைத் தனக்கு நன்றாகத் தெரியும் என்பதால் அதன் பங்கையே வாங்கும் பழக்கம் இங்கேயும் உண்டு. ஐ.டி. நிறுவனத்தில் வேலை பார்ப்பவர் ஐ.டி. ஃபண்டில் பணம் போடுவதும், ஜவுளித் தொழில் செய்பவர் அதே ஊரில் ஜவுளித் தொழிலை நம்பி வாடகை வரும் கட்டடங்களை வாங்குவதும் இதே வகையில் சேரும். தொழில் சரியும் ஆண்டில் வருமானமும் சொத்தும் சேர்ந்து சரியும்.

பிரித்ததைப் பராமரிப்பது

ஒருமுறை பிரித்துவிட்டால் அது அப்படியே இருக்காது. மேலே பார்த்த 10 லட்சம் ரூபாய்க் குடும்பம் பாதிப் பணத்தைப் பங்குகளில் வைத்துத் தொடங்கியது. 2009 மார்ச்சில் 7 லட்சத்து 95 ஆயிரத்தில் பங்குகளின் பங்கு 1 லட்சத்து 95 ஆயிரம், அதாவது கால்வாசி. பழைய பாதிக்குத் திரும்ப வேண்டுமானால் டெபாசிட்டிலிருந்தும் தங்கத்திலிருந்தும் ஏறக்குறைய 2 லட்சம் ரூபாயை எடுத்து, எல்லோரும் ஓடிக்கொண்டிருந்த பங்குச் சந்தைக்குள் போட்டிருக்க வேண்டும். இதற்கு ரீபேலன்ஸிங் என்று பெயர்.

அப்படிச் செய்தவரின் பணம், சென்செக்ஸ் 2010 நவம்பர் 5 அன்று 21,004இல் முடிந்தபோது சுமார் 15 லட்சமாகியிருக்கும். எதையும் தொடாமல் விட்டவரிடம் சுமார் 12 லட்சம். தொடக்கத்திலிருந்தே மொத்தத்தையும் பங்குகளில் வைத்து, நடுவில் விற்காமல் பொறுத்தவரிடம் 10 லட்சத்தைச் சற்றுத் தாண்டிய தொகை. மார்ச் 9தான் அடிமட்டம் என்று அன்று யாருக்கும் தெரியாது. அடிமட்டத்தைச் சரியாகப் பிடித்ததாக வைத்துப் போட்ட கணக்கு இது, நடைமுறையில் இவ்வளவு கூடுதல் கிடைப்பது அபூர்வம். ஜப்பான் போல விழுந்த சந்தை பல ஆண்டு எழாமலே கிடந்திருந்தால், கூடுதலாகப் போட்ட 2 லட்சமும் சேர்ந்து தேங்கியிருக்கும்.

அதனால் ரீபேலன்ஸிங்குக்கு வழக்கமாகச் சொல்லப்படும் முறை, சந்தையைக் கணித்துச் செய்வதல்ல. ஆண்டுக்கு ஒரு முறை ஒரு தேதியை வைத்துக்கொண்டு, பங்குகளின் விகிதம் முடிவு செய்த அளவிலிருந்து ஐந்து சதவீதப் புள்ளிகளுக்கு மேல் விலகியிருந்தால் மட்டும் சரிசெய்வது பலர் பின்பற்றும் வழி. விற்கும்போது மூலதன ஆதாய வரியும், சில ஃபண்டுகளில் வெளியேறும் கட்டணமும் உண்டு. சேமிப்பு இன்னும் நடந்துகொண்டிருப்பவர்கள் எதையும் விற்காமல், அடுத்த சில மாதங்களின் புதுப் பணத்தைக் குறைந்திருக்கும் பக்கம் போட்டே விகிதத்தைத் திருப்பிவிடலாம். அடுத்த மூன்று அல்லது நான்கு ஆண்டுகளுக்குள் கட்டாயம் தேவைப்படும் தொகை, கல்லூரிக் கட்டணமோ வீட்டுக்கான முன்பணமோ எதுவானாலும், இந்தக் கணக்குக்குள் வரவே வேண்டாம். அது டெபாசிட்டில், காப்பீட்டு வரம்புக்குள், வேண்டுமானால் இரண்டு மூன்று வங்கிகளில் இருந்தால் போதும். மற்றப் பணத்தைப் பங்குகள், கடன் பத்திரங்கள், தங்கம் என்று எந்த விகிதத்தில் பிரிப்பது என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.